மைனஸ் நீச்சல்

செய்தித் தொலைக்காட்சியில் ஒருவர் பேச ஆரம்பித்ததும் அவர் நெஞ்சுக்குக் கீழே ஒரு பட்டை வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும். மேல் வரியில் பெயர், கீழ் வரியில் அவர் யார் என்ற விவரம். அந்தக் கீழ் வரியை எழுதுவதுதான் அவள் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'பட்டை அக்கா'. அவள் கணவருக்கு இதில் ஒரு தனிக் குஷி. புதிதாக யாரைப் பார்த்தாலும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "எம் பொண்டாட்டி காலையில போனா சாயங்காலம் வரைக்கும் பட்டைதாங்க" என்பார். கேட்டவர் சாராயம் என்று நினைத்துத் திருதிருவென விழிப்பார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

இதற்கு முன்னால் அவள் தொலைபேசி விசாரணைப் பிரிவில் இருந்தாள். காதில் ஹெட்போன், முன்னால் ஒரு கருப்புத் திரை. கூப்பிடுகிறவர்கள் ஒரு பெயரைச் சொல்லி நம்பர் கேட்பார்கள். அந்தப் பெயரில் நகரத்தில் நானூறு பேர் இருப்பார்கள். "அவரைத் தெரியாதவங்க யாரும்மா இருக்காங்க?" என்று கோபம் வேறு. அவள் பொறுமையாகக் கேட்பாள்: "என்ன வேலை பாக்குறாரு? வீடு எந்தப் பக்கம்? ரொம்ப வருசமா போன் வச்சிருக்கிறவரா, புதுசா வாங்கினவரா?" அவ்வளவுதான், நானூறு நாலாகிவிடும். கைபேசி வந்து அந்தப் பிரிவை இழுத்து மூடியபோது, இனி இந்த வித்தை எதற்கும் உதவாது என்று நினைத்தாள்.

தொலைக்காட்சியில் அவளுக்கு இடம் கிடைத்ததே ஒரு கூத்தினால்தான். சாலைப் பள்ளங்களைப் பற்றிப் பேச வந்த டயர் கடைக்காரருக்குக் கீழே 'முன்னாள் துணைவேந்தர்' என்று பட்டை போய்விட்டது. பெயரை மட்டும் போட்டுத் தேடி, முதலில் வந்ததை எடுத்து ஒட்டியிருக்கிறார் முன்பிருந்தவர். டயர் கடைக்காரர் அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவைத்தார். துணைவேந்தர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். காலியான நாற்காலியில் இவள் வந்து உட்கார்ந்தாள்.

இயல்பிலேயே அவள் பயந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டுப் படி இறங்கியவள் மறுபடி ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கணவர் கேலி செய்வார். ஆனால் அந்த வேலைக்கு அந்தப் பயம் மிகவும் வேண்டியிருந்தது. ஒருவரை 'மறைந்த' என்று எழுதுமுன் அவள் நின்றுவிடுவாள். உயிரோடிருக்கிறவரைச் சாகடித்துவிட்டால்? அதனால் பெயரோடு அவர் காலத்தையும் துறையையும் ஊரையும் சேர்த்துத் தேடி, ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்கள் ஒரே விஷயத்தைச் சொன்ன பிறகுதான் பொத்தானைத் தட்டுவாள்.

கணவர் நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். குழந்தைகளுக்கு அவர் 'மீன் சார்'. தண்ணீருக்குள் கன்னத்தை உப்பி வாயைத் திறந்து மூடி மீன் மாதிரி செய்துகாட்டித்தான் அழுகிற பிள்ளைகளை இறக்குவார். பெற்றோருக்கும் அவர் மீன் சார்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கும் மாமியாருக்கும் மட்டும்தான் தெரியும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நடக்க முடியாத சில பிள்ளைகளுக்கு அவர் நீச்சல் கற்றுக்கொடுத்ததைக் கேள்விப்பட்டு, ஓர் இணையப் பத்திரிகை வந்து பேட்டி எடுத்தது. கழுத்தில் விசில், ஈரத் தலை, வாய் கொள்ளாத சிரிப்பு. கீழே முழுப் பெயர். அவள் அந்தப் பக்கத்தை உறவினர் எல்லோருக்கும் அனுப்பினாள்.

அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் அந்த இருமல் மருந்துச் செய்தி வந்தது.

வடக்கே ஒரு தொழிற்பேட்டை ஊரில் தயாரான மருந்து. குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. காலையில் மூன்று குழந்தைகள் இறந்ததாகச் சொன்னார்கள், மதியத்துக்குள் அது ஏழாகிவிட்டது. செய்தி அறையில் வழக்கமாக இருக்கும் சத்தம்கூட அன்றைக்கு இல்லை. பிள்ளை பெற்றவர்கள் அடிக்கடி எழுந்துபோய் வீட்டுக்குப் பேசிவிட்டு வந்தார்கள்.

மதியம் காவல்துறை தலைமையகத்திலிருந்து க்ரைம் நிருபர் கூப்பிட்டார். "பேர் குடுத்துட்டாங்க. மருந்து கம்பெனியில தரக்கட்டுப்பாடு பாத்த ஆளு. கெமிஸ்ட், நம்ம தமிழ் ஆளுதான். வயசு அம்பத்திரெண்டு. ஆள் தலைமறைவு. போட்டோ இன்னும் தரல, சாயங்காலம் தருவாங்களாம்."

பெயரைச் சொன்னார். ஷிப்ட் எடிட்டர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரை மேசையில் வைக்கும்போது அது சாய்ந்தது. அவள் கணவரின் பெயர் அது.

'ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கிற பெயர்தானே' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதற்குள் நாலு மேசை தள்ளி கிராபிக்ஸ்காரர் கத்தினார்: "சார், போட்டோ கிடைச்சிருச்சு! பேரைப் போட்ட உடனே முதல்ல இவன்தான் வர்றான்!"

பெரிய திரையில் படம் விரிந்தது. கழுத்தில் விசில், ஈரத் தலை, வாய் கொள்ளாத சிரிப்பு.

"சிரிக்கிறதைப் பாரு, பாவி" என்றாள் பக்கத்தில் நின்ற செய்தி வாசிப்பவள்.

எப்படி எழுந்தாள், எப்படி அங்கே போனாள் என்று அவளுக்குத் தெரியாது. கிராபிக்ஸ்காரரின் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். "போடாதீங்க. தம்பி, போடாதீங்க. அது எங்க வீட்டுக்காரர்."

ஷிப்ட் எடிட்டர் மெதுவாக வந்தார். அவளைவிட வயதில் சிறியவர், கெட்டவர் இல்லை, ஆனால் காதில் மேலிடத்துக் குரல் ஓடிக்கொண்டே இருக்கிற ஆள். "அக்கா, உங்க வீட்டுக்காரர் கெமிஸ்டா?"

"நீச்சல் சொல்லித் தர்றவரு. மருந்துக் கடைக்குப் போனா சீட்டைக்கூட என்னைத்தான் படிக்கச் சொல்லுவாரு."

"சரி. அப்போ அந்த ஆள் யாரு?"

"தெரியல."

"இதுல வேற யாரு படமும் வரலையேக்கா. நான் உங்களை நம்புறேன். ஆனா மேல கேட்டா என்ன சொல்றது? அவரு பொண்டாட்டியே இல்லைன்னு சொன்னாங்கன்னா?" குரலைத் தாழ்த்தினார். "நம்ம போடல. அது வரைக்கும் நான் பாத்துக்கிறேன். ஆனா அங்க பாருங்க."

சுவரில் வரிசையாக மற்ற சேனல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் இருந்த ஒன்றில் அவள் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

கைபேசியை எடுத்துக் கணவருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. தண்ணீரில் இருக்கும்போது அது அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மறுபடி அடித்தாள். குளத்துக்குப் பின்தெருவில் கொழுந்தன் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவருக்கு அடித்தாள்.

"அண்ணி, நானே கூப்பிடணும்னு இருந்தேன். என்ன அண்ணி இது, போன்ல அண்ணன் படம் சுத்திக்கிட்டு இருக்கு?"

"கடையை அப்படியே போட்டுட்டு ஓடுங்க. அவரைத் தண்ணியிலேர்ந்து வெளிய கூட்டிட்டுப் போங்க. கேட்டு வழியா வேணாம், பின்னாடி வழியா. ஓடுங்க."

அவர் ஓடும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம், மூச்சு, பிறகு தொடர்பு அறுந்துபோயிற்று.

தன் நாற்காலிக்குத் திரும்பினாள். குளத்துக்கு ஓடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் மதிய நெரிசலில் பேருந்து பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் என்ன வேண்டுமானாலும் நடந்துவிடும். 'அது அவர் இல்லை' என்று தெருவில் நின்று கத்தினால் யார் கேட்பார்கள்? 'இதோ, அது இவர்' என்று காட்டினால் மட்டும்தான் கேட்பார்கள். அதை அவள் இருந்த இடத்திலிருந்துதான் செய்ய முடியும்.

அவசரத்தில் பெயரையே இரண்டு தடவை தப்பாக அடித்தாள். பயத்தில் புத்தி மழுங்கி, தெருவில் போகிறவர் கேட்பது போல முழு வாக்கியமாகவே அடித்தாள்: குழந்தைகள் சாவுக்குக் காரணமான தலைமறைவு கெமிஸ்ட் யார். பெயரையும் சேர்த்தாள்.

திரை நிறையக் கணவர் முகம். அன்றைக்கு எழுதப்பட்ட பதிவுகள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போட்டு, அதை மூன்றாமவர் ஆதாரம் என்று காட்டியிருந்தார். 'இவனை நடுரோட்டில்...' என்று ஆரம்பித்த ஒன்றை அவள் முழுக்கப் படிக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டாள். பழைய ஹெட்போன் காதில் இருப்பது போல நினைத்துக்கொண்டாள். என்ன வேலை? எந்த ஊர்? எந்தக் காலம்?

தன் தப்பு அப்போதுதான் புரிந்தது. 'தலைமறைவு', 'சாவு' என்பதெல்லாம் இன்றைக்குப் பிறந்த வார்த்தைகள். அந்த மனிதரைப் பற்றி நேற்றுவரை எழுதிய யாரும் அந்த வார்த்தைகளை எழுதியிருக்க மாட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரர், பல வருடம் ஒரு தொழிலில் இருந்தவர். எங்கேயோ யாரோ அவரைச் சாதாரணமாக, மரியாதையாக எழுதியிருப்பார்கள். அந்த எழுத்தில் இருக்கக்கூடிய வார்த்தைகள்தான் வேண்டும்.

வாக்கியத்தை அழித்தாள். பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டாள், இரண்டு சொல்லும் பிரியாமல் சேர்ந்தே வரட்டும் என்று. பக்கத்தில் 'மருந்து', 'தரக்கட்டுப்பாடு', அந்தத் தொழிற்பேட்டை ஊரின் பெயர். காலத்தைக் குறிக்கும் இடத்தில், இந்த வருடத்துக்கு முன்னால் வந்த பக்கங்கள் மட்டும் என்று வைத்தாள். இன்றைய கூச்சல் அத்தனையும் ஒரே தட்டில் காணாமல் போனது.

ஆனாலும் கணவர் போகவில்லை. எப்போதோ குளத்துத் தண்ணீரின் தரத்தைப் பற்றி அவர் சொன்ன இரண்டு வரி, 'தரம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்திருந்தது. அவரை விலக்க வேண்டும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஒரு சிறு கோடு போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கம் வராது. மைனஸ் குறி. அதைப் போட்டு, ஒட்டினாற்போல 'நீச்சல்' என்று அடித்தாள். ஏனோ அந்த இடத்தில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் கையாலேயே அவரை அழிக்கிற மாதிரி இருந்தது.

முடிவு எதுவும் இல்லை என்றது திரை.

கைபேசி அதிர்ந்தது. கொழுந்தன். "அண்ணி, கேட்டுல கூட்டம். நம்ம குளத்துல நீச்சல் படிக்கிற பிள்ளைங்களோட அப்பா அம்மாதான் எல்லாம். வாட்ச்மேன்தான் அண்ணனை பம்ப் ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரு. நானும் உள்ளதான் இருக்கேன்."

"போலீஸ்?"

"சொல்லியாச்சு. வரல." மூச்சு வாங்கினார். "அண்ணி, இங்க குளோரின் கேன் எல்லாம் அடுக்கி இருக்கு. ஜன்னல் வழியா யாரோ பாத்துட்டான். 'உள்ள கெமிக்கல் வச்சிருக்கான்'னு கத்துறாங்க. பேரை வேற மறைச்சுட்டானாம். 'இத்தனை நாளா மீன் சார், மீன் சார்னு ஏமாத்தியிருக்கான்'ங்குறாங்க."

பின்னணியில் இரும்புக் கதவில் ஏதோ மோதும் சத்தம்.

"அவர்கிட்ட குடுங்க."

கணவர் குரல் வந்தது. எப்போதும் போலப் பேசப் பார்த்தார், முடியவில்லை. "ஏய்... ஒண்ணும் இல்ல. நீ பயப்படாத. கதவு கெட்டிதான்." கொஞ்சம் நிறுத்தி, "நான் என்ன பண்ணினேன்?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணும் பண்ணல. கதவைத் திறக்காதீங்க. நான் கண்டுபிடிச்சிடுறேங்க" என்றாள்.

எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. திரையைப் பார்த்தாள். சொற்கள் அதிகமாகிவிட்டன. வலையை இவ்வளவு இறுக்கினால் எதுவும் விழாது. ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். 'தரக்கட்டுப்பாடு' என்பதை எடுத்தாள். ஒன்றும் இல்லை. பிறகுதான் மண்டையில் உறைத்தது. வடக்கே ஒரு மருந்து கம்பெனி, கருத்தரங்கு, கல்லூரி, இதையெல்லாம் தமிழில் யார் எழுதுவார்கள்? ஆங்கிலத்துக்கு மாற்றினாள். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுத மூன்று விதம் உண்டு. அவள் கணவர் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், வங்கியில் இன்னொரு விதம். அந்த மனிதர் எப்படி எழுதுவாரோ?

முதல் விதத்தில் ஒரு பாடகர் வந்தார். இறந்து நாளாகிவிட்டது, காலம் பொருந்தவில்லை. இன்னொருவர் கெமிஸ்ட்தான், ஆனால் கடலுக்கு அப்பால், முப்பதுகூட ஆகாத பையன்.

இரண்டாவது விதத்தில், ஊர், 'மருந்து', மைனஸ் நீச்சல். ஆறேழு பக்கங்கள் வந்தன. மூன்றாவதாக, பத்து வருடத்துக்கு முன் நடந்த மருந்துத் தர ஆய்வுக் கருத்தரங்கு. அதில் பேசியவர்களின் படம். இடமிருந்து நான்காவதாக அந்தப் பெயர், அருகில் அதே கம்பெனியின் பெயர். கண்ணாடி போட்ட, முன்வழுக்கை விழுந்த, யாரோ சொன்னதற்காக நிமிர்ந்து நிற்கிற ஒரு மனிதர்.

கிடைத்துவிட்டது என்று கத்த வாயெடுத்தாள். ஆனால் பயம் அவளைப் பிடித்து நிறுத்தியது. இடமிருந்து என்று எழுதினவர் தப்பாக எண்ணியிருந்தால்? தன் கணவருக்கு நடப்பது இன்னொருத்தி கணவருக்கு நடக்கும். இந்த முறை அதைச் செய்தவள் அவளாக இருப்பாள்.

"அக்கா, கிடைச்சுதா?" ஷிப்ட் எடிட்டர் தலைக்கு மேல் நின்றார்.

"ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு வேணும்."

"அக்கா, உங்க வீட்டுக்காரரு அங்க..."

"தெரியும்" என்றாள். "இன்னொண்ணு வேணும்."

இப்போது கையில் மூன்று விஷயம் இருந்தன: எழுத்து விதம், துறை, ஊர். காலம் மட்டும் பாக்கி. ஐம்பத்திரண்டு வயதுக்காரர் கல்லூரி முடித்த வருடம் ஏறத்தாழ எதுவாக இருக்கும் என்று கணக்குப் போட்டாள். அந்த வருடத்தையும் 'பார்மசி கல்லூரி' என்பதையும் பெயரோடு சேர்த்தாள். கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டாள், படித்த காலத்தில் அது இருந்திருக்காதே. பழைய மாணவர்கள் கூடியபோது கல்லூரி போட்ட பக்கம் ஒன்று வந்தது. ஒவ்வொருவருக்கும் தனிப் படம், கீழே தேர்ச்சி பெற்ற ஆண்டு, இப்போதைய வேலை. அதே கண்ணாடி, அதே முன்வழுக்கை, அதே கம்பெனி. அவர் பட்டம் வாங்கிய வருடம் அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தார். மருந்து உரிமம் கொடுக்கும் அரசுத் துறையின் பக்கத்திலும், அந்தத் தொழிற்சாலையில் பொறுப்பான கெமிஸ்ட் என்று அதே பெயரும் அதே பட்டமும் இருந்தன. இந்த மூன்று பக்கமும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை அல்ல.

படத்தைக் க்ரைம் நிருபருக்கு அனுப்பினாள். "இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டுங்க. ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

அந்தக் காத்திருப்புதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. கொழுந்தன் போன் எடுக்கவில்லை. கணவர் போனும் மணி மட்டும் போனது. ஓரத்துச் சேனலில் இப்போது குளத்தின் கேட்டையே காட்டினார்கள். அவளுக்குத் தெரிந்த கேட். அதன் மேல் ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான்.

"ஆமாங்குறார்" என்றார் நிருபர் போனில். "அவங்க கையில இருக்கிற படமும் இவருதான்."

அதன் பிறகு அறை பம்பரமாகச் சுழன்றது. படத்தில் உடன் நின்ற மற்றவர்களின் முகங்களை அவளே வெட்டி நீக்கினாள். பட்டையை எழுதினாள். 'குழந்தைகளைக் கொன்றவர்' என்று எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்தது. அவள் 'காவல்துறையால் தேடப்படுபவர்' என்று எழுதினாள். தெரிந்தது அவ்வளவுதான். ஷிப்ட் எடிட்டர் அதை அப்படியே ஒளிபரப்புக்கு அனுப்பினார். கீழே இன்னொரு வரி: 'இதே பெயருடைய நீச்சல் பயிற்சியாளருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை.' செய்தி வாசிப்பவள் அந்த வரியை நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை படித்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் 'பாவி' என்றவள் அவள்தான்.

கேட்டுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்ததாம். கடைக்காரர் ஒலியைக் கூட்டி, பெட்டியையே தெருப்பக்கம் திருப்பி வைத்தாராம். பாதிப் பேர் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர் உடனே நம்பினார்கள், சிலர் நம்பாமல் கைபேசியைத் தட்டினார்கள். அதற்குள் பம்ப் ரூம் கதவு ஒரு பக்கம் நெளிந்து திறந்துவிட்டது. முதலில் உள்ளே போனவன் வீசிய இரும்புக் குழாய் கணவரின் தோளில் இறங்கியது. அடுத்த வீச்சுக்கு முன்னால் நடப்பதற்காகக் காலில் காலிப்பர் கம்பி போட்ட ஒரு பெண் குழந்தையின் அம்மா குறுக்கே போய் நின்றுகொண்டாள். "எம் பொண்ணைத் தண்ணியில நடக்க வச்சவருடா இவரு" என்று கத்தினாளாம். அந்த அம்மா தொலைக்காட்சியைப் பார்க்கவே இல்லை.

இதையெல்லாம் கொழுந்தன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. மருத்துவமனைக்குக் கிளம்ப அவள் பையை எடுத்தபோது மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தாள்.

ஒரு பெண் குரல். தயங்கித் தயங்கி வந்தது. "டிவியில இப்போ ஒரு படம் போட்டீங்களே... கண்ணாடி போட்டவரு."

"சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரருங்க."

அவள் கையிலிருந்த பையை மறுபடி மேசையில் வைத்தாள்.

"ரெண்டு நாளா வீட்டுக்கு வரல. போனும் எடுக்கல. உங்களுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கே... அவரு எங்க இருக்காருன்னு தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க" என்றாள் அவள். "சத்தியமா தெரியாது." பிறகு, "வீட்டுல தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"பொண்ணு இருக்கா."

"சொந்தக்காரங்க வீடு ஏதாவது இருந்தா இப்பவே கிளம்பிப் போயிடுங்க. முன்பக்கமா வேணாம்."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

கணவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கட்டோடு படுத்திருந்தவர் அவளைப் பார்த்ததும், "கண்டுபிடிச்சிட்டியாமே" என்றார். அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தோளைத் தொடப் பயமாக இருந்தது.

அந்தக் கெமிஸ்ட் சில நாளில் தானாகவே சரணடைந்தார். கலப்படம் அவருக்குத் தெரிந்து நடந்ததா, சோதிக்காமல் கையெழுத்துப் போட்டாரா, முதலாளிகள் அவரைப் பலிகொடுத்தார்களா என்று வழக்கு இன்னும் நடக்கிறது. ஓரத்துச் சேனல் நள்ளிரவுச் செய்தியில் அரை வரி வருத்தம் தெரிவித்தது. குழாய் வீசியவன் ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவனுக்கும் நாலு வயதில் பிள்ளை. அவள் கதவைத் திறக்கவில்லை. கணவர்தான் போய்ப் பேசினார்.

கை மேலே தூக்க வராததால் அவர் இப்போது கரையில் நின்றுதான் சொல்லித் தருகிறார். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களுக்கு இன்னமும் கன்னத்தை உப்பிக் காட்டுகிறார். வாசலில் பலகை ஒன்று மாட்டினார்கள். அதில் அவர் முழுப் பெயர் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள், வேண்டாம் என்று அவர். கடைசியில் பெயர், தொழில், எத்தனை வருட அனுபவம், எந்தக் குளம் என்று நாலும் எழுதப்பட்டன. எழுத்துப் பெரிதாக இருந்ததால் பலகையில் மீன் படத்துக்கு இடமில்லாமல் போனது என்று அவருக்கு ஒரு குறை.

அவள் வேலையை விடவில்லை. முன்பைவிட மெதுவாகிவிட்டாள் என்று மேலிடத்தில் புகார் உண்டு. செய்தி அறையில் யாராவது ஒரு பெயரை உரக்கச் சொல்லும்போது அவள் இன்னமும் கையிலிருக்கும் டம்ளரை முதலில் கீழே வைக்கிறாள்.